புகையானுக்கு மருந்தா, சிலந்தியா: எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது

"ஐயா, மன்னார்குடி பக்கம் 6 மா சம்பா. பிபிடி 5204, நட்டு 68 நாள் ஆகிறது. 40ஆம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்காகக் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த மருந்து அடித்தேன். இப்போது மடையோரம் ஒரு மா அளவுக்குப் பயிர் மஞ்சளடிக்கிறது, தூரடியில் புகையான். அந்த இடத்தில் 10 குத்து தட்டிப் பார்த்தேன், 270 பூச்சி விழுந்தது, பெரும்பாலும் சின்னக் குஞ்சு. சிலந்தி 4தான். குத்துக்கு 15 தூர் இருக்கும். கடையில் இமிடாகுளோபிரிட், அசிபேட், லேம்டா மூன்றையும் கலந்து மொத்த வயலுக்கும் அடிக்கச் சொல்கிறார்கள். சிலந்தி இருந்தால் அடிக்காதே என்கிறார் சித்தப்பா. என்ன செய்வது?"

கடைக் கலவை வேண்டாம். மடையோரத் திட்டுக்கு மருந்து தேவைதான், ஆனால் வேறு மருந்து. மற்ற 5 மாவுக்குத் தேவையா என்பதை நாளைக் காலையில் எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். சித்தப்பா சொன்னது பாதி சரி. சிலந்தி இருந்தால் பொறுக்கலாம் என்பது உண்மை, எத்தனை இருந்தால் பொறுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை இது: வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு 1 சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு 2 பூச்சி. அதைத் தாண்டினால் மருந்துச் செலவை விடப் பயிர் இழப்பு அதிகமாகும் என்று பொருள். உங்கள் எண்ணிக்கையை இதில் போட்டுப் பார்ப்போம். 10 குத்துக்கு 15 வீதம் 150 தூர். 270 பூச்சியை 150ஆல் வகுத்தால் தூருக்கு 1.8. சிலந்தி 10 குத்துக்கு 4, அதாவது குத்துக்கு 0.4. குத்துக்கு ஒன்று என்ற அளவில் பாதிகூட இல்லாததால் சிலந்திச் சலுகையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் எல்லை 1. அதை 1.8 தாண்டிவிட்டது. இதே 1.8 பூச்சியோடு 10 குத்தில் 10, 12 சிலந்தி ஓடியிருந்தால், மருந்தைத் தொடாமல் நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஒரு சந்தேகம். அந்த 10 குத்தும் மஞ்சள் திட்டுக்குள்ளேயே எடுத்தவை. புகையான் வயல் முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. தண்ணீர் நிற்கிற பள்ளம், யூரியா அதிகம் விழுந்த இடம், மர நிழல், பயிர் நெருக்கமான மூலை என்று திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். திட்டில் எண்ணியதை 6 மாவுக்கும் பொருத்தினால் தேவையில்லாத இடத்திலும் அடிப்பீர்கள். வரப்பில் நின்றபடி ஓரத்தில் மட்டும் எண்ணினால் நேர்மாறான தவறு நடக்கும், நடு வயலில் தீய்ந்த பிறகுதான் தெரியவரும்.

அதனால் மிச்சமுள்ள 5 மாவில் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து, அங்கங்கே 20 குத்து பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. குத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே குனிந்து சிலந்தியை எண்ணிவிடுங்கள், தட்டினால் முதலில் ஓடி ஒளிவது அதுதான். அப்புறம் குத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, தூரடியில் உள்ளங்கையால் இரண்டு மூன்று தட்டு தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். விழுந்தவை பக்கவாட்டில் தத்தித் தத்தி மறுபடி தூரில் ஏறப் பார்க்கும், அதற்குள் எண்ணிவிட வேண்டும்.

எண்ணும்போது ஒரு குழப்பம் பல பேருக்கு வரும். விழுகிற கூட்டத்தில் பச்சையாக, தலையும் தோளும் கறுத்து, மெல்லிய உடம்போடு விறுவிறுவென்று ஓடுகிற ஒரு சின்னப் பூச்சி இருக்கும். புகையான் தத்தும், இது ஓடும். இதுதான் மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையான் முட்டைக்கு எமன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முட்டையை உறிஞ்சிவிடும், குஞ்சுகளையும் பிடிக்கும். இதையும் புகையான் கணக்கில் சேர்த்து "பச்சை, பழுப்பு எல்லாம் கலந்து கிடக்கிறது" என்று மருந்து அடித்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. தண்ணீர் மேல் சறுக்கி ஓடுகிற, தோள் அகன்ற குட்டிப் பூச்சிகளையும் விட்டுவிடுங்கள். தவறி விழுகிற புகையான் குஞ்சை அவை கூட்டமாகச் சேர்ந்து பிடித்துத் தின்னும்.

நான் சிலந்தி என்று சொல்வது முக்கியமாக ஓநாய்ச் சிலந்தியை. வலை கட்டாது. தூரடியில் ஓடித் திரிந்து வேட்டையாடும். முதுகில் கவை போல ஒரு கோடு இருக்கும், தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டும் அலையும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை பிடிக்கும். 15 தூர் உள்ள குத்தில் தூருக்கு 2 வீதம் 30 புகையான் இருந்தாலும், ஒரு சிலந்தி இருந்தால் சில நாளில் கணிசமாகக் குறைத்துவிடும். எல்லை 1லிருந்து 2 ஆவதற்கு இதுதான் அடிப்படை. முதுகிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஊசிமுனைக் குஞ்சுச் சிலந்திகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இலை மேல் வலை பின்னுகிற நீளத்தாடைச் சிலந்தியும் நல்லதுதான், ஆனால் அது மேலே பறக்கிறவற்றைத்தான் அதிகம் பிடிக்கும், தூரடிக்கு அவ்வளவாக உதவாது.

20 குத்தின் கணக்கு எப்படி வந்தால் என்ன செய்வது? 300 தூரில் 210 பூச்சி என்று வைத்துக்கொள்வோம். தூருக்கு 0.7. சிலந்தி எத்தனை இருந்தாலும் அந்த 5 மாவுக்கு மருந்து வேண்டாம், திட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். 450 பூச்சியும் 22 சிலந்தியும் என்றால் தூருக்கு 1.5, குத்துக்கு 1.1 சிலந்தி. எல்லை 2, நீங்கள் அதற்குக் கீழே. நான்கு நாள் பொறுத்து அதே வழியில் மறுபடி எண்ணுங்கள். அதே 450 பூச்சியோடு சிலந்தி 8தான் என்றால் எல்லை தாண்டியாயிற்று, முழு வயலுக்கும் அடிக்க வேண்டியதுதான். ஒரே எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதை விட, நான்கு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு எண்ணிக்கை அதிகம் பேசும். பூச்சி ஏறிச் சிலந்தி அப்படியே நின்றால் ஒரு கதை, இரண்டும் சேர்ந்து ஏறினால் வேறு கதை.

இந்தப் புகையான் எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் கடைக்காரர் சொன்ன கலவை ஏன் ஆகாது என்பது புரியும். புகையானில் இரண்டு உருவம் உண்டு. நீளச் சிறகுள்ளது காற்றோடு பறந்து வந்து இளம் பயிரில் இறங்கும், கொஞ்சமாகத்தான் வரும். தீனி நன்றாகக் கிடைத்தால் அதன் வாரிசுகளில் குட்டைச் சிறகுப் பெண் பூச்சிகள் நிறைய உண்டாகும். அவை பறக்காது, உட்கார்ந்த இடத்திலேயே முட்டை போடும். ஒரு பெண் பூச்சி 200, 300 முட்டை வரை இடும். முட்டையை இலை மேல் வைப்பதில்லை, தூரின் இலையுறையைக் கீறி உள்ளே செருகிவிடும். 7 முதல் 9 நாளில் பொரிக்கும், குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பூச்சியாக ஏறக்குறைய இரண்டு வாரம். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை நாலு வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இப்போது உங்கள் நாட்களை எண்ணுங்கள். வந்திறங்கிய பூச்சி முட்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 40ஆம் நாள், நீங்கள் குளோர்பைரிபாஸ்–சைபர்மெத்ரின் அடித்தீர்கள். இலைச்சுருட்டுப் புழு செத்திருக்கும். வெளியே இருந்த கொஞ்சம் புகையானும் செத்திருக்கலாம். கூடவே சிலந்தி, மிரிட், நீர்மேல் ஓடுகிற பூச்சி எல்லாம் போயின. இலையுறைக்குள் இருந்த முட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரத்தில் அவை பொரித்து வெளியே வந்தபோது தூரடி காலியாக இருந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து குட்டைச் சிறகுத் தாய்களாகி, அவை போட்ட முட்டை பொரித்ததுதான் இன்றைக்கு நீங்கள் தட்டியதும் விழுந்த சின்னக் குஞ்சு. 10 குத்துக்கு 4 சிலந்தி என்பதும் அந்த மருந்தின் மிச்சம்தான். சிலந்தியின் தலைமுறை புகையானை விட நீளம், அது மீண்டு வருவதற்குள் புகையான் இரண்டு சுற்று முந்திவிடும்.

மருந்துக்குப் பிறகு பூச்சி முன்பைவிடப் பெருகுவதை மறுபெருக்கம் என்பார்கள். செயற்கைப் பைரித்ராய்டு வகைகளில் இது அதிகம்: சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லேம்டா சைஹலோத்ரின். எதிரிகளைக் கொல்வதோடு நிற்காமல், சாகாத அளவுக்கு மருந்து பட்ட புகையானைக் கூடுதலாக முட்டை இட வைப்பதும் டெல்டாமெத்ரினில் பார்க்கப்பட்டிருக்கிறது. குயினால்பாஸ், மெத்தில் பாரத்தியானுக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது இந்தப் பூச்சியால்தான். அங்கே அரசே மானியம் கொடுத்து மருந்தை அடிக்க வைத்திருந்தது, அடிக்க அடிக்கப் புகையான் ஏறிக்கொண்டே போனது.

ஆக, கடைக் கலவையில் லேம்டா நெருப்புக்கு எண்ணெய். அசிபேட் புகையானோடு நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே சாய்க்கும். இமிடாகுளோபிரிட் ஒரு காலத்தில் புகையானுக்குக் கைகண்ட மருந்தாக இருந்தது உண்மை. 2000க்குப் பிறகு ஆசியா முழுவதும் அதற்கு எதிர்ப்புத் திறன் வளர்ந்து, இன்றைக்கு அதன் மேல் நம்பிக்கை வைக்க முடியாது. டோஸை இரட்டிப்பாக்கினாலும் பலன் இரட்டிப்பாகாது, மிரிட் பூச்சிதான் சாகும். மூன்றையும் கலந்தால் மூன்று மடங்கு வேலை செய்யும் என்பது கடையில் மட்டும் பலிக்கிற கணக்கு.

உங்களுக்கு வேண்டியது புகையானை மட்டும் பிடித்துச் சிலந்தியை விட்டுவைக்கிற மருந்து. முட்டையை எந்தத் தெளிப்பாலும் தொட முடியாது. அடித்த ஒரு வாரத்துக்குள் அடுத்த பொரிப்பு வரும், அதைச் சந்திக்க வயலில் யாராவது இருந்தாக வேண்டும். பூச்சியின் பருவத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் திட்டில் பெரும்பாலும் குஞ்சு என்கிறீர்கள். அதற்கு பியூப்ரோபெசின் 25 எஸ்.சி. பொருந்தும். குஞ்சு தோலுரிக்கும்போது புதுத் தோல் உருவாகாமல் தடுக்கிற மருந்து இது. சிலந்திக்கும் மிரிட்டுக்கும் பெரிய கெடுதல் இல்லை. எக்டருக்கு 800 மில்லி, ஏக்கருக்கு 320 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதாவது 10 லிட்டர் டேங்க் 20 என்று வைத்தால் டேங்குக்கு 16 மில்லி. உங்கள் திட்டு ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு; அதற்கு, சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் சேர்த்துக்கொண்டால், எட்டு டேங்க் போதும். இதன் குறை, வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. அவை இடுகிற முட்டையின் தரத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

தட்டியதில் பழுப்பு நிறப் பெரிய பூச்சிகள் பாதிக்கு மேல் என்றால் பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. எடுங்கள். ஏக்கருக்கு 120 கிராம், டேங்குக்கு 6 கிராம். இது பூச்சியின் உறிஞ்சுகிற வேலையை நிறுத்திப் பட்டினி போட்டுக் கொல்லும், எதிரிப் பூச்சிகளுக்கும் அதிகம் உறுத்தாது. டிரைபுளூமெசோபைரிம் 10 எஸ்.சி. ஏக்கருக்கு 94 மில்லி என்று இன்னொன்று இருக்கிறது, நல்ல மருந்து, விலைதான் அதிகம். அதை ஒரு பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள், இமிடாகுளோபிரிட்டுக்கு நடந்தது இதற்கும் நடக்க நாமே வழி செய்துவிடக் கூடாது. டைனோடெபியூரான் வேகமாக வேலை செய்யும், ஆனால் மிரிட் பூச்சிக்கு ஆகாது. திட்டு தீயத் தொடங்கி, பெரிய பூச்சி மொய்த்து, வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வேன். வேப்பெண்ணெய் 3 சதம் பூச்சி குறைவாக இருக்கும்போது உதவும். 1.8 என்ற நிலையில் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

மருந்து எது என்பதை விட எங்கே விழுகிறது என்பதில்தான் பாதி பேர் தோற்கிறார்கள். 68 நாள் பிபிடி பயிர் மூடிக்கொண்டு நிற்கும். மேலே நின்று விசிறினால் மருந்து முழுவதும் இலையிலேயே தங்கிவிடும். புகையான் உட்கார்ந்திருப்பது தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள். இடையிடையே பட்டம், அதாவது நடைவழி, விட்டு நட்டிருந்தால் சிரமம் இல்லை. விடவில்லையென்றால் எட்டு அடிக்கு ஒரு இடத்தில் பயிரை இரண்டு பக்கமும் ஒரு கம்பால் சாய்த்து நடைவழி திறந்துகொள்ளுங்கள். கைத்தெளிப்பானின் முனையைக் கீழே இறக்கித் தூரடி நனையும்படி அடியுங்கள். ஏக்கருக்கு எட்டு, பத்து டேங்கோடு முடித்துவிடுகிற பழக்கம் இதற்கு உதவாது, அந்தத் தண்ணீர் தூரடி வரைக்கும் வந்து சேராது. திட்டின் வெளிவட்டத்திலிருந்து தொடங்கி உள்ளே போங்கள், நடுவிலிருந்து தொடங்கினால் பூச்சியை வெளியே விரட்டியதாக ஆகிவிடும்.

அடிப்பதற்கு முன்னால் தண்ணீரை வடியுங்கள். பூச்சி கீழே இறங்கி உட்காரும், மருந்தும் தூரடிக்குப் போகும், வடித்து மூன்று நான்கு நாள் காய விட்டால் தூரடியில் இருக்கிற புழுக்கமும் குறையும். வடிப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு, நீர்மேல் ஓடும் பூச்சிகள் போய்விடும். இருந்தாலும் புகையானுக்கு அந்தப் புழுக்கம்தான் வீடு, அதனால் வடிப்பதே மேல் என்பது என் கணிப்பு. மார்கழிப் பக்கத்தில் வடிகால் வாய்க்கால் நிரம்பி, கடைமடையில் தண்ணீர் வடியவே வடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் மேல்மடையை அடைத்து உள்ளே வருவதையாவது நிறுத்துங்கள், இருக்கிற தண்ணீரில் மருந்தை அடித்துவிடுங்கள். அடித்தபின் சில நாளுக்கு வயல் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம், கீழே மீன் இருக்கிறது, மாடு குடிக்கிறது.

மேலுரமாக யூரியா போட நாள் நெருங்கியிருந்தால் தள்ளிப்போடுங்கள். தழைச்சத்து ஏறிய பயிரில் புகையான் அதிகம் முட்டையிடும், குஞ்சும் நன்றாகப் பிழைக்கும். பூச்சி இறங்கிய பிறகு பொட்டாஷோடு சேர்த்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

அடுத்து வருவதுதான் பொறுமையைச் சோதிக்கிற பகுதி. பியூப்ரோபெசின் அடித்த மறுநாள் போய்த் தட்டினால் பூச்சி அப்படியே விழும். "மருந்து கேட்கவில்லை" என்று பதறி, மூன்றாம் நாள் கைக்குக் கிடைத்த பைரித்ராய்டை அடித்தவர்கள் செலவழித்ததும் போய், காத்த சிலந்தியும் போய், பொங்கலுக்கு முன்னால் வட்ட வட்டமாகத் தீய்ந்த வயலைப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு அடுத்த தோலுரிப்பு வரும்போதுதான் சாகும். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீரில் பாதி உரிந்த தோலோடு செத்த குஞ்சு மிதப்பதைப் பார்ப்பீர்கள், ஏழாம் நாள் எண்ணிக்கைதான் உண்மையான தீர்ப்பு. பைமெட்ரோசினிலும் பூச்சி சில நாள் உயிரோடு நடமாடும், ஆனால் உறிஞ்சாது. இலையிலும் தூரிலும் பிசுபிசுப்பு கூடாமல் நின்றுவிட்டால் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏழாம் நாள் அதே திட்டில் 10 குத்து பாருங்கள். 150 தூரில் 100 பூச்சிக்குக் கீழே வந்து, சிலந்தி 4லிருந்து 6, 7 ஆகியிருந்தால் பயிர் கரையேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை எண்ணினால் போதும். பூச்சி குறையவே இல்லையென்றால் முதலில் தூரடி நனைந்ததா என்று யோசியுங்கள். அடிக்காத ஒரு மூலையில் இலையும் தூரும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நனைந்தது உறுதியென்றால் இரண்டாவது முறை வேறு வகை மருந்துக்கு, அதாவது பைமெட்ரோசினுக்கு, மாறுங்கள். அதையே மறுபடி அடிக்க வேண்டாம்.

மஞ்சள் என்று சொன்னீர்களே, அது முழுவதும் புகையானால்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் வடியாத மடையோரத்தில் வேர் கறுத்து அழுகல் நாற்றம் வந்தாலும் பயிர் மஞ்சளடிக்கும். ஒரு குத்தைப் பிடுங்கி வேரை முகர்ந்தால் தெரிந்துவிடும். புகையான் என்றால் தூரடியில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்பூஞ்சை, தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக உரிந்த தோல் இருக்கும். முழுதாகக் காய்ந்து பழுப்பாகிவிட்ட குத்து எந்த மருந்தாலும் திரும்பாது. அந்த நிலையில் மருந்து அடிப்பது சுற்றியிருக்கிற பச்சைக்காகத்தான்.

உங்கள் பயிர் இன்னும் சில நாளில் தொண்டைக்கதிர் கட்டும். அந்த நேரத்தில் இலைச்சுருட்டு மறுபடி தலைகாட்டினால் 40ஆம் நாள் செய்ததையே செய்துவிடாதீர்கள். அந்தப் புழுவுக்குத் தூர் கட்டும் பருவத்தில் எல்லை 10 சதம் இலைச் சேதம். அதாவது எடுத்த குத்துகளில் 100 இலையில் 10 இலை சுருண்டு, வெளுத்திருக்க வேண்டும். அங்கங்கே வெள்ளைக் கோடு தெரிவதைப் பார்த்து அடிக்க வேண்டியதில்லை, தூர் கட்டுகிற பயிர் புது இலை விட்டு அந்த இழப்பைச் சரிக்கட்டிவிடும். உங்கள் 40ஆம் நாள் சேதம் 10 சதம் இருந்திருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கண்ணாடி இலை வந்த பிறகு எல்லை இறங்கும், 5 சதம் கண்ணாடி இலை சேதமானாலே நடவடிக்கை வேண்டும், ஏனென்றால் மணிக்குப் பால் கொடுப்பது அந்த இலைதான். அப்போதும் பைரித்ராய்டு கலந்த எதுவும் வேண்டாம். குளோரன்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. ஏக்கருக்கு 60 மில்லி இலைச்சுருட்டையும் தண்டுதுளைப்பானையும் பிடிக்கும், சிலந்தியை விட்டுவைக்கும். புகையானுக்கு அது கேட்காது. ஒன்றை வாங்கி இரண்டுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கதிர் பழுத்து அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது புகையான் ஏறினால் என் பதில் மாறும். லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாளுக்கு அவகாசம் போதாது, பியூப்ரோபெசின் வேலை செய்ய நேரமும் இருக்காது. தண்ணீரை முழுதாக வடித்து, மணி பழுத்த அளவுக்கு முன்கூட்டியே அறுத்துவிடுவதுதான் நல்லது.

அடுத்த சம்பாவுக்கு மாற்ற வேண்டியதில் முதலாவது பட்டம். எட்டு அடிக்கு ஒரு அடி, கிழக்கு மேற்காக விட்டால் காற்றும் வெயிலும் தூரடி வரைக்கும் போகும், மருந்து அடிக்க வேண்டி வந்தாலும் வழி இருக்கும். நிலம் வீணாகிறது என்பார்கள், ஓரப் பயிர் கூடுதலாகத் தூர் கட்டி அதில் பெரும்பகுதியை ஈடு செய்துவிடும். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். பிபிடி 5204 புகையானுக்கு இளக்கமான ரகம், சாப்பாட்டுக்கும் விலைக்கும் அது வேண்டுமென்றால் 35ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை குனிந்து தட்டுகிற வேலையையும் சேர்த்தே ஒத்துக்கொள்ள வேண்டும். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ எள்ளோ போட்டால், புகையான் முட்டைக்குள் முட்டையிடுகிற கண்ணுக்கே தெரியாத குளவிகளுக்கும் மிரிட்டுக்கும் தேனும் ஒதுங்க இடமும் கிடைக்கும். நட்டு 40 நாள் வரை இலை தின்னும் புழுவுக்காக எந்த மருந்தும் அடிக்காமல் இருக்க முடிந்தால், சிலந்தி தூரடியில் தன் எண்ணிக்கையைக் கட்டிக்கொள்ளும். இலைச்சுருட்டு கண்ணை உறுத்தினால் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் முட்டை அட்டை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் 37, 44, 51ஆம் நாட்களில் கட்டலாம். அட்டை வாங்கிய அன்றோ மறுநாளோ, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் கட்டிவிடுங்கள். வெயிலில் கட்டினால் குளவி பொரிப்பதற்கு முன் காய்ந்துபோகும், கட்டியபின் ஒரு வாரத்துக்கு எந்த மருந்தும் கூடாது.